மேல் வரிசைக் கட்டம்

கிளைவ் மாஸ்டரிடம் அளவையியல் என்கிற தர்க்கப் பாடம் படித்த பிள்ளைகளுக்குப் பாடம் மறந்தாலும் அவருடைய ஒரு கட்டளை மறக்காது. உண்மை அட்டவணையில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. தெரியாவிட்டால் யோசி, யோசித்தும் தெரியாவிட்டால் திரும்ப யோசி, கட்டத்தை மட்டும் காலியாக விட்டு என்னிடம் கொண்டு வராதே என்பார். கண்டிக் கல்வி வலயத்தில் தமிழ் மொழியில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அட்டவணை என்றால் கிளைவ்தான் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அவருக்கும் கொஞ்சம் மிதப்பு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அட்டவணை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. இரண்டு கூற்றுகளை எடுத்துக்கொண்டால் நான்கு வரிசைகள் வரும். இரண்டும் உண்மை, முதலாவது மட்டும் உண்மை, இரண்டாவது மட்டும் உண்மை, இரண்டும் பொய். அவற்றை ‘மேலும்’ என்று சேர்த்தால் மேல் வரிசையில் மட்டும் உண்மை வரும். ‘அல்லது’ என்று சேர்த்தால் கடைசி வரிசையில் மட்டும் பொய் வரும். கூற்று மழையைப் பற்றியதா, மாட்டைப் பற்றியதா என்று பார்க்கவே வேண்டாம். உண்மையா பொய்யா என்று தெரிந்தால் போதும், மிச்சத்தை அட்டவணையே சொல்லிவிடும். கிளைவுக்கு அதில்தான் காதல். ஊர் வாய்க்கு அகப்படாத ஒரு இடம் உலகத்தில் உண்டென்றால் அது இந்த நாலு வரிசைதான் என்று நினைத்திருந்தார்.

இந்தத் தவணைப் பரீட்சைக்கு வலயம் முழுவதற்குமான அளவையியல் வினாத்தாளைத் தயாரித்தது அவர்தான். அக்கா யோசப்பினின் மகள் ஷாமலாவும் அதே பரீட்சை எழுதுகிறாள் என்று பாட ஆலோசகர் வீரசிங்கத்திடம் முன்கூட்டியே சொன்னார். வேறு ஆளுக்கு நான் எங்கே போக என்று வீரசிங்கம் கையை விரித்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தலை நரைத்த மனிதர். நியாயமானவர், ஆனால் சோர்ந்து போனவர். விடைத்தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டும்தானே இருக்கும், அவளுடைய பாடசாலைத் தாள்களை நீங்கள் திருத்தப் போவதுமில்லை என்று சமாதானம் சொன்னார்.

பெறுபேறு வந்தது. வலயத்திலேயே முதலாவது ஷாமலா.

ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, கண்டியில் பாடசாலை விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. யோசப்பினுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. யாரோ பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். வினாத்தாள் தயாரித்தவர் அவளுடைய தாய்மாமன், அவள் முதலாவதாக வந்திருக்கிறாள், இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருந்ததாம்.

ஷாமலாவின் பாடசாலை அதிபர் மோகனராஜ் தொலைபேசியில் கூப்பிட்டபோது கிளைவ் அம்பிட்டிய வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்தார். நாளைக்கு விசாரணை, வாருங்கள் என்றார் அதிபர். நிரூபணமானால் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. வினாத்தாள் திருடியவள் என்ற பெயரோடு வருகிற பிள்ளையை எந்தப் பாடசாலை எடுக்கும்? மலைக்குத் திரும்பிப் போய்விட்டால் அதோடு அவள் படிப்பு முடிந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அதே மேசையைப் பார்த்தார். வினாத்தாளையும், சரியான விடைகள் அடங்கிய புள்ளியிடும் திட்டத்தையும் எழுதியது இந்த மேசையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஷாமலா சாப்பிட வந்திருந்தாள். தாள்கள் பத்திரிகைக்கு அடியில் கிடந்தன. பாண் வாங்க அவர் கடைக்குப் போனார், திரும்பி வரும்போது அவள் மேசையருகே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஐயோ பிள்ளை, பார்த்துவிட்டாயா என்று இப்போது மனது கேட்டது. கேட்ட மனதை அவர் அதட்டவில்லை. தொலைபேசி வந்த அந்த இரவு அவர் அவளை நம்பவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் அதிபருடைய அறையில் ஐந்து பேர். அதிபர், வீரசிங்கம், ஷாமலாவுக்கு அளவையியல் படிப்பிக்கிற அம்னா டீச்சர், கிளைவ், அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஷாமலா. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அதிபர் கெட்டவர் அல்ல. பாடசாலையின் பெயர் கெட்டுப்போகும் என்ற பயத்தில் நேராக நடக்க மறந்த மனிதர். வினாத்தாள் எழுதிய காலத்தில் இவள் உங்கள் வீட்டுக்கு வந்தாளா என்று கேட்டார். வந்தாள் என்றார் கிளைவ். தாள் வீட்டில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார். அதிபர் வீரசிங்கத்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில் தீர்ப்பு ஏறக்குறைய முடிந்திருந்தது.

பார்த்தாயா என்று கேட்டதற்கு ஷாமலா இல்லை என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அதிபருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீரசிங்கம்தான் ஒரு யோசனை சொன்னார். பாடமாக்கி எழுதின பிள்ளைக்கு நின்ற நிலையில் விளங்கப்படுத்த வராது, ஒரு கேள்வியைப் பலகையில் செய்து காட்டட்டும் என்றார். அறையில் நேரசூசி எழுதுகிற வெள்ளைப் பலகை இருந்தது. அதன் ஓரத்தை அம்னா டீச்சர் துடைத்துக் கொடுத்தார். வீரசிங்கம் புள்ளியிடும் திட்டத்தைப் புரட்டி, இருப்பதில் கடினமான கேள்வியைத் தேர்ந்தெடுத்தார்.

அது கிளைவ் ஆசை ஆசையாகப் போட்ட கேள்வி. பழைய வினாத்தாள்களில் இல்லாத ஒன்று வேண்டும் என்று யோசித்து யோசித்துப் போட்டது. ‘மழை பெய்ததால் போட்டி நின்றது’ என்ற கூற்றுக்கு உண்மை அட்டவணை அமைத்துக் காட்டுக.

ஷாமலா நாலு வரிசை போட்டாள். மழை பெய்யாத இரண்டு வரிசைகளிலும் ‘பொய்’ என்று எழுதினாள். பெய்யாத மழையால் எதுவும் நிற்காது. மழை பெய்து போட்டி நிற்காத வரிசையிலும் ‘பொய்’ என்று எழுதினாள். நிற்காத போட்டியை எதனாலும் நின்றது என்று சொல்ல முடியாது. மேல் வரிசைக்கு வந்தாள். மழையும் பெய்தது, போட்டியும் நின்றது. பேனாவை மூடிப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

“மேல ஒண்ணும் எழுதலையே?” என்றார் அதிபர்.

“எழுத ஏலாது சேர்.”

அதிபர் கிளைவைப் பார்த்து ஒரு மாதிரி தலையாட்டினார். கஷ்டமான இடம் வந்ததும் பிள்ளை மாட்டிக்கொண்டது, இவ்வளவுதான் இவளுடைய முதலாமிடம் என்பது அந்த ஆட்டலின் பொருள். வீரசிங்கம் திட்டத்தைப் பார்த்தார். அதில் மேல் வரிசையில் ‘உண்மை’ என்று பளிச்சென்று இருந்தது. கிளைவ் தன் கையால் எழுதியது, வீரசிங்கம் பார்த்து ஒப்பமிட்டது. பிழைதான் பிள்ளை என்றார் அவர், வருத்தத்தோடு.

ஏன் எழுத ஏலாது என்று அம்னா டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

ஷாமலா பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். “மழை பெஞ்சுச்சு, போட்டியும் நின்னுச்சு. சரி. ஆனா நடுவர் வராமப் போட்டி நின்னிருக்கலாம் இல்லையா டீச்சர்? அப்பயும் மழை பெஞ்சது உண்மை, போட்டி நின்னது உண்மை. ஆனா மழையால நின்னுச்சுன்றது பொய். இன்னொரு நாளு மைதானமே தண்ணியில நிக்குது, அதனாலயே நிப்பாட்டிட்டாங்க. அன்னைக்கும் ரெண்டும் உண்மைதான், ஆனா மழையால நின்னுச்சுன்றதும் உண்மை. ஒரே வரிசை, ஒரு நாளு உண்மை வருது, ஒரு நாளு பொய் வருது. நான் எதப் போடுறது?”

கிளைவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. காலியாக விட்டதற்குக் காரணம் வேறா என்கிற வாத்தியார்க் கோபம். வாயைத் திறக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அவள் சொன்னது மனதுக்குள் போய்ச் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது.

பிழை எங்கே நடந்தது என்பதும் அந்த நொடியே தெரிந்தது. மூன்று வரிசை ஒழுங்காகப் பொய், பொய், பொய் என்று நிரம்பிவிட்டது. ‘மேலும்’ என்பதற்கும் அந்த மூன்றும் அப்படித்தான். கை தன் பாட்டில் மிச்சமிருந்த மேல் கட்டத்தையும் ‘மேலும்’ மாதிரியே நிரப்பிவிட்டது. அட்டவணை தெரியாதவனுக்கு இந்தப் பிழை வராது. ஆயிரம் அட்டவணை போட்டவனுக்குத்தான் வரும். அட்டவணையில் அடங்குகிற சொல்லென்றால் பாகங்களின் உண்மை பொய்யே முழுக்கூற்றின் உண்மை பொய்யைத் தீர்த்துவிட வேண்டும். ‘ஆல்’ என்று காரணம் சொல்கிறபோது அது தீர்வதில்லை. இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கிறதா என்று வெளியே போய்த்தான் பார்த்து வர வேண்டும். இதைப் படித்தும் இருக்கிறார், மறந்தும் போயிருக்கிறார்.

இனிப் பேசுவதா வேண்டாமா? பேசினால் வலயத்திலுள்ள எல்லாப் பாடசாலைகளின் விடைத்தாள்களையும் திரும்பத் திருத்த வேண்டும். கிளைவ் மாஸ்டர் அட்டவணையில் பிழைவிட்டார் என்று தெல்தெனியவிலிருந்து கலகெதர வரை ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வீரசிங்கத்தின் ஒப்பமும் சேர்ந்து நாறும். போதாததற்கு, மாமன் மருமகளுக்குப் பரிந்து பேசுகிறான் என்றும் ஆகும். பேசாவிட்டால் அந்தப் பிள்ளை சரியாகச் செய்ததையே சாட்சியாக வைத்து அவளை மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவருக்கு முன்னால் அம்னா டீச்சர் பேசிவிட்டார். பலகையில் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டி, அதிபரிடம் மரியாதையாகவே கேட்டார். “சேர், மாமா பேப்பர் எழுதினது உண்மை. புள்ள முதலாவது வந்ததும் உண்மை. ரெண்டும் உண்மையெண்டு போட்டு, மாமா எழுதினதாலதான் வந்தாளெண்டதும் உண்மையெண்டு நாம இந்தக் கட்டத்த நிரப்பப் போறோமா?”

அதிபர் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, எல்லாம் சரி டீச்சர், ஆனால் திட்டத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்.

கிளைவ் எழுந்து நின்றார். தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. “திட்டம் பிழை சேர். நான்தான் பிழையா எழுதினேன். இந்தப் பிள்ளை செஞ்சதுதான் சரி.”

வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், பலகையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஷாமலாவின் விடைத்தாளை எடுத்து அந்தக் கேள்விக்குப் புரட்டினார். முதலிடத்துக்கு வந்த தாள்களை மறுபரிசீலனை செய்தவர் அவர்தான். அங்கேயும் மேல் வரிசை காலி. அதன் மேல் சிவப்புக் கோடு, புள்ளி பூச்சியம். கோடு போட்டது அவருடைய பேனா.

கிளைவ் அதைச் சுட்டிக் காட்டினார். திட்டத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இந்த இடத்தில் ‘உண்மை’ என்று எழுதிப் புள்ளியை வாங்கியிருப்பாள், நான் பிழைவிட்ட அதே இடத்தில் இவள் புள்ளியை இழந்திருக்கிறாள் என்றார். அதிபர் லேசில் விடவில்லை. சந்தேகம் வரக் கூடாதென்று வேண்டுமென்றே ஒன்றை மாற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்டார்.

அதற்கு வீரசிங்கம்தான் பதில் சொன்னார். “ஓம், இருக்கலாம். ஆனா ஏதோ ஒண்டை மாத்தேல்லையே, பிழையைத்தானே திருத்தியிருக்கிறாள். நானும் கிளைவும் காணாத பிழையை அவள் கண்டிருக்கோணும். அவ்வளவு கெட்டிக்காரிக்குத் திட்டத்தைக் களவெடுத்து என்ன பலன்?”

ஆனாலும் மனிதர் அங்கேயே நிற்கவில்லை. எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றைக் கேட்டால்தான் தனக்கும் நிம்மதி என்று ஷாமலாவைப் பார்த்தார். ‘பிள்ளை பார்க்கவில்லை என்று அதிபர் நம்புகிறார்’ என்பதற்கு அட்டவணை போடச் சொன்னார். அதிபரின் முகம் சுருங்கியது. வீரசிங்கம் அதைக் கவனிக்காதவர் மாதிரி இருந்தார்.

ஷாமலா கொஞ்சம் யோசித்தாள். உள்ளே இருப்பது ஒரே கூற்று, ஆகையால் இரண்டே வரிசை. பார்க்கவில்லை என்பது உண்மையான வரிசை ஒன்று, பொய்யான வரிசை ஒன்று. இந்த முறை இரண்டையும் காலியாக விட்டாள்.

“மழைக் கணக்குல மூணு வரிசையாவது நிரம்புச்சு சேர். இதுல ஒண்ணும் நிரம்பாது. நான் பாக்கலன்றது உண்மைன்னு வச்சாலும், அதிபர் சேர் அத நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். பொய்னு வச்சாலும் அப்படித்தான். எது உண்மைன்னு தெரிஞ்சிக்கிட்டு அவரு என்ன நம்புறாருன்னு சொல்ல ஏலாது. அவருகிட்டதான் கேக்கணும்.”

எல்லோரும் அதிபரைப் பார்த்தார்கள். மோகனராஜ் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். எனக்கு அளவையியல் தெரியாது என்று தொடங்கினார். தெரியாத மனிதனுக்கும் விளங்குகிற மாதிரி இந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள் என்றார். பெட்டிஷனுக்குப் பதிலை இன்றைக்கே எழுதுகிறேன், நீ வகுப்புக்குப் போகலாம் மகள் என்றார். மகள் என்ற சொல் அவர் வாயில் அன்று காலையிலிருந்து அப்போதுதான் வந்தது.

வெளித் தாழ்வாரத்தில் வீரசிங்கம் கிளைவின் தோளைத் தட்டினார். மேல் வரிசையைக் காலியாக விட்டதால் எத்தனை பிள்ளைகளுக்குப் புள்ளி போயிருக்கிறதோ, எல்லாத் தாளையும் இழுத்துப் போட்டுப் பார்ப்போம் என்றார். தன் ஒப்பத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சனிக்கிழமை இங்கேயே வைத்துத் திருத்தலாம், சாப்பாடு தன் பொறுப்பு என்றார் அம்னா டீச்சர். கிளைவ் மாஸ்டரின் பிழை அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும் என்பது நிச்சயம். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. வேறொன்று உறைத்துக்கொண்டிருந்தது.

பாடசாலை விட்டதும் ஷாமலாவை விடுதி வரை கொண்டுபோய் விட்டார். ஒரே குடையில் இருவரும் ஏற்றத்தில் நடந்தார்கள். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தொலைபேசியிலேயே அக்கா அழுதுவிட்டது என்றார். ஷாமலா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“மாமா, நான் பாக்கலன்னு நீங்க நம்பினீங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. அதிபரிடம் அவ்வளவு பேசியவர் நம்பியிருக்க மாட்டாரா என்று அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் இந்தப் பிள்ளையிடம் இரண்டாவது தரமும் பிழையானதை எழுதிக் கொடுக்கக் கிளைவால் முடியவில்லை.

“நேத்து ஃபோன் வந்தப்ப நம்பல” என்றார். “அந்த ஞாயித்துக்கிழமைய நெனச்சேன். நீ பாத்திருப்பேன்னுதான் நெனச்சேன். ராத்திரி முழுக்க அப்படித்தான் இருந்தேன்.”

அவள் குடைக்கு வெளியே ஒரு அடி தள்ளி நடந்தாள். தூறல் அவள் தோளில் விழுந்தது. கிளைவ் குடையை அவள் பக்கம் நீட்டிப் பிடித்தார், தான் நனைந்தார். கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள்.

“நேத்தும் நான் பாக்கல தானே மாமா” என்றாள் அவள்.

சண்டை பிடிக்கிற குரல் இல்லை அது. அட்டவணையைச் சரி பார்க்கிற குரல்தான். அதுதான் அவரை உடைத்தது. நேற்றும் அவள் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை. உண்மை இருந்த இடத்திலேயே இருந்தது, ஒரு நாளும் மாறவில்லை. மாறியது அவர் மட்டும்தான். கண் நிறைந்துவிட்டது. நடு வீதியில், குடையும் கையுமாக, வாத்தியார் நின்று கண்ணைத் துடைத்தார்.

“ஆமா. நேத்தும் நீ பாக்கல. தப்பு என் மேலதான்மா.”

விடுதிப் படிக்கட்டு வந்துவிட்டது. ஷாமலா ஏறினாள். இரண்டு படி ஏறித் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

“இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னீங்கல்ல மாமா. அது எனக்கு இன்னைக்குப் போதும். மிச்சத்துக்கு இன்னும் கொஞ்ச நாளு நான் உங்க மேல கோவமா இருப்பேன்.”

“இரு” என்றார் கிளைவ். “எத்தன நாளு வேணும்னாலும் இரு.”

அவள் படிப்பறைக்குள் போய், தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிற வரை அவர் கீழே நின்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.